இரட்டையர் கணக்கை எப்படி விளக்குவது? உதவி வேண்டும்

வணக்கம். காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். சார்பியலில் வரும் இரட்டையர் கணக்கு இது: இரட்டையரில், ஒளி வேகத்தில் 80 சதவீதத்தில் போகும் அக்கா, 4 ஒளியாண்டு தூரம் போய்த் திரும்பினால், வீட்டிலிருக்கும் தங்கைக்கு 10 வயது கூடும், அக்காவுக்கு 6 தான்.

கானாடுகாத்தான் பையன் ஒருவன் மடக்கினான்: "அக்கா பார்வையில் தங்கைதானே நகர்கிறாள்? தங்கைக்குத்தானே வயது குறையணும்?" நல்ல கேள்வி. பர்மாவுக்குப் போனவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டதுபோல, இருவரும் பிறந்தநாள்தோறும் ஒளிச்செய்தி அனுப்புவதாக வைத்துச் சொன்னேன். விலகும்போது மூன்று ஆண்டுக்கு ஒன்று வரும். நெருங்கும்போது ஆண்டுக்கு மூன்று.

அக்கா தன் கணக்கில் 3 ஆண்டில் அந்தக் கோடியை அடைந்து கப்பலைத் திருப்புகிறாள். அதுவரை அவளுக்குக் கிடைப்பது 1, திரும்பும் 3 ஆண்டில் 9. மொத்தம் 10. தங்கைக்கோ, அக்கா அங்கே திரும்பிய செய்தியே, அவள் போக 5, ஒளி வந்து சேர 4, அதாவது 9 ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது. அதுவரை 3 செய்தி, கடைசி ஒரு ஆண்டில் 3. மொத்தம் 6. நடுவில் திசை திரும்பியவள் அக்கா மட்டுமே, அங்கேதான் சமச்சீர் உடைகிறது.

அப்புறம் அவன், "அப்போ முடுக்கம்தான் காரணமா?" என்றான். அக்கா திரும்பாமல் போய்க்கொண்டே இருக்க, அந்தக் கோடியில் அதே வேகத்தில் எதிரே வரும் இன்னொரு கப்பல் அவளுடைய கடிகார நேரத்தை வாங்கி வந்தாலும், யாருமே முடுக்கம் அடையாமல் அதே 6 தான் வருகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காலவெளிப் படம் போட்டு விளக்கியவர்கள் இருக்கிறீர்களா? வளைந்த பாதைக்கு ஏன் நேரம் குறைவு என்பதை எங்கிருந்து தொடங்கினீர்கள்?