ஒரே படிவம், ஒரே டெம்ப்ளேட்: நடு வரிசைகள் மட்டும் சரியாக வருகின்றன

கணக்குப்பிள்ளை: வணக்கம். பால் கொள்முதல் நிலையங்களிலிருந்து மாதாமாதம் ஒரே படிவம் வருகிறது. கணினியில் அச்சிட்டு, கையெழுத்து, முத்திரை போட்டு, ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். A4, 300 dpi. அட்டவணையில் 31 வரிசை, ஒவ்வொன்றும் 71 பிக்சல் உயரம். ஒரு மாதிரித் தாளில் கட்டங்களை அளந்து, அதே இடங்களை வெட்டி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்டுக்குக் கொடுக்கிறேன். ஒரு நிலையத்தின் தாளில் மட்டும் 12 முதல் 26 வரையுள்ள வரிசைகள்தான் சரி. மேல் வரிசைகளில் எண்ணின் தலை மட்டும் மாட்டுகிறது, கீழே தலை வெட்டுப்படுகிறது. ஏன்?

குமரன்78: PDF-இலிருந்து அட்டவணையை எடுக்கும் டபுலாவில் `area` கொடுத்துப் பாருங்கள். எங்கள் வங்கி அறிக்கைகளுக்கு மூன்று வருடமாகப் பிசகவே இல்லை.

கணக்குப்பிள்ளை: இது ஸ்கேன் படம் சார், உள்ளே எழுத்தே இல்லை. டபுலா வெறுமையாகத்தான் தரும்.

நெல்லை_ராணி: நீங்கள் வெட்டும் ஜோனை மேலும் கீழும் 20 பிக்சல் பெரிதாக்குங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

கணக்குப்பிள்ளை: செய்தேன் அக்கா. பக்கத்து வரிசையின் கோடும் பாதி எண்ணும் உள்ளே வந்து குழப்புகிறது.

பழைய_ஸ்கேனர்: தாள் நகர்ந்திருந்தால் எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளியிருக்கும். சாய்ந்திருந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடும். உங்களுக்கு நடு மட்டும் சரி, இரு முனையும் நடுவை நோக்கி வந்திருக்கின்றன. அப்படியென்றால் அச்சே சுருங்கியிருக்கிறது. அந்த நிலையத்தில் `Actual size` விட்டு `Fit` போட்டு அச்சிடுகிறார்களா என்று கேளுங்கள். அதுவரை, மேலே உள்ள சின்னத்தையும் கீழே உள்ள "மொத்தம்" என்ற சொல்லையும் தேடி, இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்லுங்கள் தம்பி.

கணக்குப்பிள்ளை: மாதிரியில் சின்னம் y = 210, "மொத்தம்" y = 2810. இந்தத் தாளில் 256, 2778.

பழைய_ஸ்கேனர்: 2600 இருந்த இடத்தில் 2522. சரியாக 97 சதவீதம். முதல் வரிசை 40 பிக்சல் கீழே போயிருக்கும், அரை வரிசைக்கும் மேல். ஜோன்களைப் பக்க மூலையிலிருந்து அளக்காமல் சின்னத்திலிருந்து அளந்து, இந்த விகிதத்தால் பெருக்குங்கள். இந்தத் தாளில் சின்னத்தின் இடம் `y1`, "மொத்தம்" இருக்கும் இடம் `y2`:

```python
s = (y2 - y1) / 2600
y = y1 + (zone_y - 210) * s
```

குறுக்குவாட்டிலும் இதே `s`, ஆனால் சின்னத்தின் x-இலிருந்து. சாய்வு இருந்தால் முதலில் நிமிர்த்திவிடுங்கள். சின்னத்தையும் சொல்லையும் தேடும் `cv2.matchTemplate` மதிப்பெண் 0.7-க்குக் கீழே போனால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள், ஊகித்துப் படிக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை: 31 வரிசையும் வந்துவிட்டது ஐயா! கூட்டிப் பார்த்தேன், அச்சிட்ட மொத்தத்தோடு பொருந்துகிறது. `Fit`தான் போட்டிருக்கிறார்கள். இரண்டு தாளில் "மொத்தம்" மேலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள், அங்கே மதிப்பெண் 0.5தான்.

பழைய_ஸ்கேனர்: அதற்கு வலது ஓரத்தில் மூன்றாவது அடையாளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை மாற்ற முடிந்தால் நாலு மூலையிலும் கறுப்புச் சதுரம் போடச் சொல்லுங்கள்.

நெல்லை_ராணி: கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால்?

பழைய_ஸ்கேனர்: தாள் தட்டையாக இருந்தால் நாலு மூலையை வைத்து நேராக்கலாம். மடிப்பும் வளைவும் இருந்தால் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.