பேக்லாக் புடைத்தலா, துலக்கலா? ஆயத்த வரையறைக்கும் ஒரு சொல்

தெலுக் இந்தானிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம். செம்பனைக் குலை வாங்கும் நிலையங்களுக்காக எடைச்சீட்டுச் செயலி எழுதும் சிறு குழு எங்களுடையது. புதிதாக வரும் இளைஞர்களுக்குத் தமிழிலேயே பயிற்சிக் குறிப்பு எழுதி வருகிறேன். இரண்டு இடங்களில் பேனா நிற்கிறது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் கிடக்கும் ஸ்டோரிகளை, அதாவது பயனர் தேவைகளை, குறுகிய வேலைச் சுற்றான ஸ்பிரிண்டுக்கு முன்பே பிரித்து, கேள்வி கேட்டு, அளவை மதிப்பிட்டு வைக்கும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். 'இனி இதை எடுக்கலாம்' என்று குழு ஒப்புக்கொள்வதற்கான நிபந்தனைகளுக்கு இன்னொரு சொல் வேண்டும். முன்னதற்குப் 'புடைத்தல்', பின்னதற்குத் 'தயார்நிலை வரையறை' என்று எண்ணியிருக்கிறேன். உங்கள் கருத்து?

கிள்ளானிலிருந்து

புடைத்தல் அருமை, தம்பி. நம் வேலைமுறையை வகுக்கும் ஸ்க்ரம் வழிகாட்டி இதை ஒரு நிகழ்வாகவே வைத்திருக்கிறது. குழுவின் நேரத்தில் 10 விழுக்காடு என்று அளவும் சொல்கிறது. ஆகவே 'புடைப்பமர்வு' என்றே வைத்துவிடலாம்.

தைப்பிங்கிலிருந்து

நான் கணக்காளர், ஆர்வத்தால் எழுதுகிறேன். தயார்நிலை வரையறை என்றால் செயலி வாடிக்கையாளர் கைக்குப் போகத் தயாராகிவிட்டதா என்று பார்ப்பதுதானே? அப்படியானால் 'வெளியீட்டுத் தகுதி' பொருந்தும்.

ஈப்போவிலிருந்து

தைப்பிங் ஐயா சொல்வது வேலை முடிந்தபின் பார்க்க வேண்டியது. அதை 'நிறைவு வரையறை' என்போம். இங்கே கேட்கப்பட்டது வேலை தொடங்குவதற்கு முன்னுள்ள வாசல்.

கிள்ளான் அண்ணன் சொன்ன 10 விழுக்காடு 2017 பதிப்பு வரை இருந்தது. அதுவும் 'வழக்கமாக அதற்கு மேல் போகாது' என்ற அளவில்தான். 2020 பதிப்பில் அந்த எண் இல்லை. இது தனி நிகழ்வும் அல்ல, தொடர்ந்து நடக்கும் வேலை. பெயரில் 'அமர்வு' ஒட்டினால், வாரம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும் என்று புதியவர் நினைத்துவிடுவார். ஆயத்த நிபந்தனைகளோ அந்த வழிகாட்டியில் இல்லவே இல்லை. குழுக்கள் தாமே சேர்த்துக்கொண்டவை.

'புடைத்தல்' எனக்கு உடன்பாடில்லை. புடைத்தால் பதர் போகும், மணி அப்படியே இருக்கும். இங்கே மணியே மாறுகிறது. உங்கள் துறையிலிருந்தே ஒரு ஸ்டோரியை எடுத்துக்கொள்வோம்: 'சிறுதோட்டக்காரர் தம் எடையைக் கைப்பேசியில் உடனே பார்க்க வேண்டும்.' வேலையின் அளவை மதிப்பிடும்போது ஒருவர் 2 புள்ளி என்பார், மற்றொருவர் 8 என்பார். சராசரி எடுத்து 5 என்று எழுதுவது பெருந்தவறு. இருவர் மனத்திலும் வெவ்வேறு வேலை இருக்கிறது என்பதற்கு அந்த இடைவெளியே அடையாளம்.

எந்த எடை என்று கேட்டுப் பாருங்கள். லாரி குலையோடு 3,480 கிலோ. இறக்கியபின் வெறும் லாரி 1,980 கிலோ. நிகரம் 1,500. பழுக்காத குலைகளுக்காக 4 விழுக்காடு கழித்தால் பணம் தரப்படுவது 1,440 கிலோவுக்கு. தரம் பார்ப்பது இறக்கிய பிறகுதான். ஆகவே முதல் எடையின்போது 'உடனே' காட்டுவதற்கு நிகர எடையே கிடையாது. இதை ஸ்பிரிண்டின் நடுவில் கண்டுபிடித்தால், எடைப்பால எழுத்தரைத் தேடிப் பிடித்துப் பதில் வாங்கும்வரை வேலை நிற்கும்.

முன்னதாகக் கேட்டிருந்தால் ஸ்டோரி இரண்டாகப் பிரியும். ஒன்று, இரண்டாம் எடைக்குப் பின் 1,500ஐத் 'தற்காலிகம்' என்ற குறிப்போடு காட்டுவது. மற்றொன்று, கழிவு பதிவானபின் 1,440ஐக் காட்டுவது. முதலாவது வரும் ஸ்பிரிண்டுக்கு ஆயத்தம். கழிவை யார், எப்போது பதிகிறார் என்பது தெரியும்வரை இரண்டாவது ஆயத்தமில்லை, பேக்லாக்கிலேயே இருக்கட்டும். இந்த வேலைக்குத் 'துலக்கல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். வாசலுக்கு 'ஆயத்த வரையறை'.

சிரம்பானிலிருந்து

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்த ஆயத்த நிபந்தனைகளே எங்களைக் கட்டிப்போட்டன. திரை வடிவம் ஒப்புதலா, தரவுத்தளம் முடிவா, மூன்று மேலாளர் கையெழுத்தா என்று பட்டியல் நீண்டது. ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளில் எடுக்க ஒரு ஸ்டோரியும் இருக்காது. எல்லாரும் கையெழுத்துக்குக் காத்திருப்போம். 'வரையறை' என்றாலே மேலாளர்கள் அதைச் சட்டமாக்கிவிடுகிறார்கள். 'ஆயத்த உடன்பாடு' என்றால் குழுவின் கையில் இருக்கும்.

ஈப்போவிலிருந்து

தங்கை சொல்வது உண்மையான ஆபத்து. திரை வடிவத்தை ஸ்பிரிண்டுக்குள்ளேயே முடிவு செய்யலாம். வெளியாள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி பாக்கியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். ஆனால் 'நிறைவு வரையறை'க்கு இணையாக ஒலிக்க வேண்டும் என்பதால் வரையறையை விட எனக்கு மனமில்லை.

தெலுக் இந்தானிலிருந்து

ஈப்போ அண்ணனுக்கு நன்றி. 'துலக்கல்' குறிப்பில் ஏறிவிட்டது. அந்த 1,440 கிலோ கணக்கையும் அப்படியே எடுத்தாள்கிறேன். மற்றதற்கு இப்போதைக்கு 'ஆயத்த வரையறை' என்று எழுதி, 'உடன்பாடு' என்பதை ஓரத்தில் குறித்திருக்கிறேன். அடுத்து வரும் இளைஞர்கள் எதைத் தாமாகச் சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து

அமர்வு வேண்டாம், சரி. ஆனால் செவ்வாய்தோறும் எல்லாரும் கூடி உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே. அதை என்னவென்று அழைப்பது?