லிவிங் அன்யூட்டி: என் கணக்கில் 81%, கால்குலேட்டரில் 100%. எதை நம்புவது?

டர்பன் செல்வி:
அப்பாவுக்கு 63 வயது, சாட்ஸ்வர்த்தில் இருக்கிறார். ஓய்வுக்காலப் பணத்தைச் சந்தையில் வைத்து ஆண்டுதோறும் ஒரு பங்கு எடுக்கும் திட்டமான லிவிங் அன்யூட்டியில் 6 மில்லியன் ரேண்ட் இருக்கிறது. மாதம் 25,000, அதாவது ஆண்டுக்கு 5% எடுக்க வேண்டும். விலைவாசியோடு அதுவும் ஏற வேண்டும், 30 ஆண்டு ஓட வேண்டும். பைத்தானில் மாண்டே கார்லோ முறையில், ஒவ்வோர் ஆண்டு வருமானத்தையும் குலுக்கல் போல எடுத்து, 5,000 பாதைகள் ஓட்டினேன். விலைவாசி போகச் சராசரி வருமானம் 6%, ஏற்ற இறக்கம் 12%. 81% பாதைகளில் பணம் கடைசிவரை நிற்கிறது. ஆலோசகர் தந்த கால்குலேட்டரில் அதே எண்களைப் போட்டால் 100% வருகிறது. அப்பா அந்த நூறை நம்பி இருக்கிறார். எங்கே தவறு?

மாறன்_பீனிக்ஸ்:
5,000 போதாது. ஒரு லட்சம் பாதை ஓட்டுங்கள், சரியான விடை வரும்.

கணக்கர்_ஜோபர்க்:
மாறன் சொல்வது பாதி சரி. 5,000 பாதையில் விடை ஒரு சதவீதம் அப்படி இப்படி ஆடும், ஒரு லட்சத்தில் அது அடங்கும். ஆனால் 19 புள்ளி வித்தியாசம் அதனால் வராது.

செல்வி, லிவிங் அன்யூட்டியில் ஆண்டுக்கு 2.5%க்குக் குறைவாகவும் எடுக்க முடியாது, 17.5%க்கு மேலும் எடுக்க முடியாது. அந்தக் கால்குலேட்டர் மேல் வரம்பைப் போட்டுவிட்டு, கடைசியில் இருப்பு பூஜ்யமா என்று மட்டும் பார்க்கிறது என நினைக்கிறேன். மீதியில் 17.5%தான் எடுக்கிறோம் என்றால் இருப்பு ஒருநாளும் பூஜ்யமாகாது. அதனால்தான் நூறு. உங்கள் கணக்கில் வரம்பே இல்லை. எனவே கடைசி ரேண்ட் வரை முழு 25,000 கிடைப்பதாக அது எண்ணுகிறது.

அப்பாவுக்குத் தேவை ஆண்டுக்கு 3 லட்சம். இன்றைய மதிப்பில் இருப்பு சுமார் 17.1 லட்சத்துக்குக் கீழே போன நாளிலிருந்து சட்டப்படியே அவ்வளவு எடுக்க முடியாது. பணம் இருக்கும், சம்பளம் குறையும். அதை எண்ணுங்கள்:

```python
draw = min(need, 0.175 * bal)
short += draw < need
bal = (bal - draw) * (1 + r)
```

`bal` இருப்பு, `r` விலைவாசி போக மிஞ்சும் வருமானம், `need` இன்றைய ரேண்டில் ஆண்டுத் தேவை. `short` பூஜ்யமாக இருக்கும் பாதைகள் எத்தனை என்று பாருங்கள்.

ரேணுகா அக்கா:
என் மாமியாருக்கு ஆயுள் அன்யூட்டி. சந்தை விழுந்தாலும் மாதாமாதம் வருகிறது. இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

கணக்கர்_ஜோபர்க்:
அக்கா, அது வேறு திட்டம். அங்கே சந்தை அபாயம் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில். இங்கே அப்பாவின் தலையில்.

டர்பன் செல்வி:
ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. 30 ஆண்டும் முழுச் சம்பளம் கிடைக்கும் பாதைகள் 72% மட்டுமே. மீதி 28%இல் நிலைமை எவ்வளவு மோசம்?

கணக்கர்_ஜோபர்க்:
வரம்பில் முட்டிய பிறகு, சந்தை சராசரியாக 6% தந்தாலும் வாங்கும் சக்தி ஆண்டுக்கு 12.5% போலக் குறையும். ஐந்து ஆண்டில் பாதிதான் மிஞ்சும். ஆகவே முதலில் எந்த வயதில் முட்டுகிறது என்று பிரித்துப் பாருங்கள். 90இல் முட்டுவதும் 78இல் முட்டுவதும் ஒன்றல்ல. 78இல் முட்டும் பாதைகளில் முதல் சில ஆண்டு வருமானத்தையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விழுந்திருக்கும். கட்டணத்தைக் கழித்தீர்களா? 6%இல் அது சேர்ந்திருந்தால் 72ம் அதிகம்.

டர்பன் செல்வி:
கழிக்கவில்லை. ஆலோசகரிடம் மொத்தக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறேன். ஒரு பகுதியை மட்டும் ரேணுகா அக்கா சொன்ன ஆயுள் அன்யூட்டிக்கு மாற்றினால் கணக்கில் எப்படிக் காட்டுவது?

மாறன்_பீனிக்ஸ்:
அதில் வரும் தொகையை `need`இல் கழித்தால் போதுமே?

கணக்கர்_ஜோபர்க்:
மாற்றிய பணத்தைத் தொடக்க `bal`இலும் கழிக்க வேண்டும். அந்தத் தொகை விலைவாசியோடு ஏறும் வகையாக இருந்தால் அவ்வளவு போதும். ஏறாத வகை என்றால் ஒவ்வோர் ஆண்டும் அதன் மதிப்பு தேயும், அதற்கேற்ப `need` கூட வேண்டும். செல்வி, எந்த வகை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.