[கலைச்சொல்] சிதைந்த படத்தில் வேறு படத்து முகம்: என்ன சொல்லலாம்?

ம.:
படச் சீரமைப்புப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய ஸ்டூடியோ படத்தில் முகத்தை மட்டும் பூஞ்சை அரித்திருக்கும். அதே ஆளின் வேறு படத்திலிருந்து முகத்தை எடுத்து அங்கே வைப்போம். 'முகமாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

இரா.:
வேண்டாம். ஓர் ஆள் இன்னோர் ஆளாகிவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தோட்டக்காரர் சொல்லை எடுங்கள்: முகப்பதியம்.

செ.:
பதியம் போடும்போது கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவதில்லை. மண்ணில் புதைத்து வேர்விட்ட பிறகே பிரிப்பார்கள். வெட்டியெடுத்து வேறொன்றில் இணைத்தால் ஒட்டு. ஆகவே முகவொட்டு. மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும். 'முகஒட்டு' என்று அச்சேற்றிவிடாதீர்கள்.

கு.:
எங்கள் பாட்டி படத்தில் முகம் தெளிவு, சேலைதான் கிழிந்திருக்கிறது. அதுவும் முகவொட்டுதானா?

ம.:
இல்லை. அங்கே பக்கத்துத் துணியையே நகலெடுத்து நிரப்பினால் போதும்.

வே.:
வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பழைய படத்தில் இரு கண்மணிகளுக்கு இடையே 180 பிக்சல், அடையாள அட்டைப் படத்தில் 240 என்று வையுங்கள். புது முகத்தை 75 விழுக்காட்டுக்குச் சுருக்கி, பாதி ஒளிபுக வைத்துக் கண்ணோடு கண் பொருத்த வேண்டும். கண் பொருந்தியும் வாய் கீழே இறங்கி நின்றால் தலைச்சாய்வு வேறு, அல்லது கேமரா கிட்டே இருந்திருக்கிறது. இழுத்துச் சரிசெய்தால் சாயலே போய்விடும். வேறு படம் தேடுவதே வழி.

மூக்கு நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் பலரும் படத்தை இடவலமாகத் திருப்புவார்கள். மச்சமும் சேர்ந்து கன்னம் மாறிவிடும், வீட்டார் உடனே கண்டுபிடிப்பார்கள். முடி, காது, தாடை விளிம்பு மூன்றும் பழைய படத்திலேயே இருக்கட்டும். புருவத்திலிருந்து மோவாய் வரை மட்டும் எடுத்து ஓரத்தை மென்தூரிகையால் கரையுங்கள்.

இவ்வளவு செய்தும் முகம் தனித்துத் துருத்தும். அந்தக் கால ஸ்டூடியோக்களில் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைத்தார்கள். அடையாள அட்டைப் படத்திலோ ஒவ்வொரு மயிர்த்துளையும் தெரிகிறது. லேசாக மங்கலாக்கி, கருமை வெண்மையைச் சமன்செய்து, கடைசியில் பழைய படத்தின் துகளளவுக்குத் துகள் சேர்க்க வேண்டும். துகளைப் போட்டபின் மங்கலாக்கினால் அதுவும் கரைந்து, முகம் மெழுகுபோல் ஆகும்.

இப்படிக் கடைசிவரை பொருத்திக்கொண்டே இருப்பதால் எனக்கு 'முகப்பொருத்தல்' போதும்.

செ.:
பொருத்தல் என்றால் ஒப்பிட்டு அடையாளம் காண்பதும் ஆகுமே. வெட்டு, இணைப்பு, தழும்பு தெரியாமல் ஆறுதல் எல்லாம் ஒட்டில்தான் அடங்கும்.

இரா.:
ஒட்டுக்கு இரு மரம் வேண்டும். இங்கே இருவேறு ஆள் இல்லை. ஒரே ஆளின் கிளை, ஒரே ஆளின் வேர்; பதியம்தான்.

செ.:
ஆள் ஒருவர்தான், படம் இரண்டு. வெட்டுவது படத்தை.

ம.:
நேரம் இல்லை. தலைப்பில் முகவொட்டு, செய்முறைப் பத்திகளில் 'முகத்தைப் பொருத்துதல்' என்று அனுப்புகிறேன்.

இரா.:
அருஞ்சொற்பட்டியலிலாவது முகப்பதியத்தையும் சேருங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.