ஒட்டுவது யார், படிப்பது யார்?

கடைசி_பெஞ்ச்: ரைபோசோம்தான் எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதமாக மொழிபெயர்க்கிறது என்று படித்தேன். டியூஷன் அண்ணனோ, டிஆர்என்ஏவில் அமினோ அமிலத்தை ஒட்டும் சிந்தடேஸ் நொதிதான் குறியீட்டை உண்மையில் அவிழ்க்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

செங்கல்சூளை: அண்ணன் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். எம்ஆர்என்ஏவின் மூன்றெழுத்துக் கோடானும் டிஆர்என்ஏவில் அதற்குப் பொருந்தும் ஆன்டிகோடானும் ஜோடி சேரும் இடம் ரைபோசோம். படிப்பது அங்கேதான். சிந்தடேஸ் ஆன்டிகோடானைப் பார்த்து அதற்குரிய அமினோ அமிலத்தை ஏற்றி அனுப்பும், அது முன்னேற்பாடு.

ஆய்வக_ஆந்தை: இல்லை. ஷாப்வில், லிப்மன் முதலானோர் 1962-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். சிஸ்டைனுக்கான டிஆர்என்ஏவில் நொதி முறைப்படி சிஸ்டைனை ஏற்றியது. அப்புறம் அவர்கள் ரானி நிக்கலைக் கொண்டு, ஒட்டியபடியே இருந்த சிஸ்டைனிலிருந்து கந்தகத்தைப் பிடுங்கினார்கள். கந்தகம் போனால் அது அலனின். ஆக, ஆன்டிகோடான் சிஸ்டைனுக்கு உரியது, முதுகில் இருப்பதோ அலனின். ஈ.கோலை சாற்றில் U, G மட்டுமே உள்ள செயற்கை ஆர்என்ஏவோடு இதைப் போட்டார்கள். அதில் UGU உண்டு, அது சிஸ்டைனின் கோடான். அலனினின் கோடான் ஒன்றுகூட வர வழியில்லை, எல்லாவற்றிலும் C வேண்டும். ஆனாலும் சிஸ்டைன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்தது. ரைபோசோம் மூட்டையைப் பிரித்தே பார்க்கவில்லை, ஆன்டிகோடான் என்ற சீட்டை மட்டும் பார்த்தது.

செங்கல்சூளை: சரி, அப்படியானால் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து? அது ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, பொருந்தாத டிஆர்என்ஏவையும் உள்ளே விட வைக்கிறது. சிந்தடேஸ் ஒன்றும் தவறவில்லை, ஆனாலும் புரதம் கெடுகிறது. சீட்டைப் பார்ப்பதும் படிப்புதானே?

ஆய்வக_ஆந்தை: படிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆர்என்ஏவுக்கு எதிரே ஆர்என்ஏ, எழுத்துக்கு எழுத்து. அமினோ அமிலம் என்ற வேற்று மொழிக்குத் தாவுவது சிந்தடேஸில் மட்டும்தான்.

மருந்துக்கடை_மாமா: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பேரனுக்கு முழங்காலில் புண், டாக்டர் மியூபிரோசின் களிம்பு எழுதினார். இந்த நொதியை அடைக்கும் மருந்து என்று எங்கோ படித்தேன். பையனுடைய நொதியையும் அடைக்காதா?

ஆய்வக_ஆந்தை: இதே குடும்பத்து நொதிதான் மாமா. பாக்டீரியாவில் ஐசோலியூசினை ஏற்றும் சிந்தடேஸை அடைக்கிறது. மனிதனின் நொதியில் அது அவ்வளவாக ஒட்டாது.

நல்ல வேளையாக அந்த நொதியையே இழுத்துவிட்டீர்கள். ஐசோலியூசினுக்கும் வேலினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு CH₂. பெரிய குழியில் சின்னது நுழைவதை எப்படித் தடுப்பது? முழுக்க முடியாது. முதல் படியில் ஏறத்தாழ 200-க்கு ஒன்று என்ற அளவில் வேலின் தப்பி நுழைந்துவிடுகிறது. ஒரு புரதத்தில் 30 ஐசோலியூசின் இருந்தால், அந்தக் கணக்கில் நூற்றுக்குப் பதினான்கு புரதங்களில் எங்காவது வேலின் நுழைந்திருக்கும். ஆனால் லாஃப்ட்ஃபீல்ட் 1963-ல் அளந்தபோது பிழை சுமார் 3000-க்கு ஒன்று. மிச்ச வடிகட்டல் எங்கே நடக்கிறது?

1966-ல் பால்ட்வினும் பெர்கும் நொதியில் வேலின், ATP-யிலிருந்து வந்த AMP-யோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நிலையைப் பிடித்தார்கள். ஐசோலியூசினின் டிஆர்என்ஏவைச் சேர்த்ததும் வேலின் அதில் ஏறவில்லை, உடைந்து வெளியே விழுந்தது. வேலினை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ATP செலவாகிக்கொண்டே போகும், விளைபொருள் கையில் நிற்காது. திருத்தம் நடப்பதைக் கண்டுபிடிக்க இன்றும் அதைத்தான் பார்க்கிறோம். நொதியில் இரண்டாவது குழி ஒன்று உண்டு. ஐசோலியூசின் அதில் நுழையாது, வேலின் நுழைந்து வெட்டுப்படும். இரட்டைச் சல்லடை என்று ஃபெர்ஷ்ட் சொன்னது இதைத்தான்.

அரைகப்_காபி: செங்கல்சூளை, ஆன்டிகோடானைப் பார்த்து ஏற்றுகிறது என்றீர்களே, அலனின் நொதிக்கு அது பொருந்தாது. அது பார்ப்பது டிஆர்என்ஏவின் மறுமுனையில், 3-ஆம் இடத்து G, 70-ஆம் இடத்து U என்ற கோணல் ஜோடியை. 1988-ல் ஹோவும் ஷிம்மலும் அந்த ஜோடியைச் சிஸ்டைன் டிஆர்என்ஏவில் வைத்தார்கள். ஆன்டிகோடான் அலனினுக்கு உரியதே இல்லை, ஆனாலும் அலனின் ஏறிவிட்டது.

செங்கல்சூளை: அது எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். பல நொதிகள் ஆன்டிகோடானையும் பார்க்கின்றன என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆந்தைக்கு ஒரு கேள்வி. பேசில்லஸ் சப்டிலிஸில் குளுட்டமினுக்கென்று தனிச் சிந்தடேஸே கிடையாது. குளுட்டமேட் நொதியே குளுட்டமினின் டிஆர்என்ஏவில் தவறான சுமையை ஏற்றுகிறது. அப்புறம் இன்னொரு நொதி, ஒட்டியபடியே அதைக் குளுட்டமினாக மாற்றுகிறது. இங்கே தாவியது யார்?

ஆய்வக_ஆந்தை: எனக்கும் இடிக்கிற இடம் அதுதான். இரண்டு நொதியும் சேர்ந்து தாவின என்றுதான் சொல்ல வேண்டும். சிந்தடேஸ் மட்டும் என்று நான் எழுதியது அங்கே நிற்காது. ரைபோசோம் என்று நீங்கள் சொன்னதும் நிற்காது, அது அப்போதும் மூட்டையைப் பார்க்கவில்லை.

கடைசி_பெஞ்ச்: அண்ணனிடம் இந்த பேசில்லஸ் கதையைக் கேட்டுவிட்டு வருகிறேன்.