மீன் ஆர்டர் அசைன்மென்ட்: விலையை எந்த கிளாஸில் வைத்தீர்கள்?

ராயபுரம், மூன்றாம் ஆண்டு

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடத்துக்கு ஆன்லைன் ஆர்டர் சிஸ்டம் ஒன்றுக்கு கிளாஸ் டயக்ராமும் சீக்வன்ஸ் டயக்ராமும் வரையச் சொல்லியிருக்கிறார்கள். காசிமேட்டு மீனை வீட்டுக்கே அனுப்பும் கடை என்று எடுத்துக்கொண்டோம். `Order`, `OrderLine`, `Fish` மூன்றையும் வரைந்த உடனே குழுவில் வாக்குவாதம். விலை மீனோடு இருக்க வேண்டுமா, ஆர்டரில் ஒவ்வொரு மீனுக்கும் எழுதும் வரியான `OrderLine`ஓடு இருக்க வேண்டுமா?

காசிமேட்டில் வரத்தைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். காலையில் வஞ்சிரம் கிலோ 900 ரூபாய், 2 கிலோ ஆர்டர், பில் 1,800 என்று வையுங்கள். மதியம் விலையை 1,100 என்று மாற்றினால், விலை `Fish`இல் மட்டும் இருக்கும் பட்சத்தில் அந்தப் பழைய பில்லைத் திறந்தாலும் 2,200 காட்டும். அதனால் இரண்டு இடத்திலும் வைத்தோம். `Fish`இல் இருப்பது இன்றைய விலை, `OrderLine`இல் இருப்பது ஆர்டர் போட்ட நேரத்து விலை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

திருவொற்றியூர், பி.சி.ஏ.

நாங்களும் விலையை இரண்டு இடத்தில்தான் வைத்தோம், அது சரிதான். ஆனால் ஆர்டருக்குள்தானே மீன் இருக்கிறது? அதனால் `Order`இலிருந்து `Fish`க்குக் கருப்பு டைமண்ட் போட்டோம். மேம் ஒன்றும் சொல்லவில்லை.

பெரம்பூர், வேலையில் இருப்பவன்

விலை விஷயம் சரி தம்பி, டைமண்ட் சரியில்லை. கருப்பு டைமண்ட் போட்டால், முழுசு போனால் பாகமும் கூடவே போகும் என்று பொருள். ஒருவர் ஆர்டரை அழித்தால் அதன் வரிகள் போகலாம், கடையின் பட்டியலிலிருந்து வஞ்சிரமே போகலாமா? கேம்பஸ் இன்டர்வியூக்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

```
@startuml
Order "1" *-- "1..*" OrderLine
OrderLine "*" --> "1" Fish
@enduml
```

ராயபுரம் தம்பிக்கு: அந்த விலை எந்த நொடியில் நகலாகிறது என்பதை கிளாஸ் டயக்ராம் சொல்லாது, சீக்வன்ஸில்தான் தெரியும். `Order`க்கு `addLine(fish, kg)` வருகிறது. அது `OrderLine`ஐ உருவாக்குகிறது. அதனால் அந்தப் பெட்டி மேலே மற்றவற்றோடு வரிசையில் நிற்காமல், உருவாகும் உயரத்தில் கீழே தொடங்க வேண்டும். அங்கிருந்து `Fish`க்கு `getPrice()` அம்பு போகும், புள்ளிக்கோட்டில் 900 திரும்பி வரும்.

இப்போது ஒவ்வொரு அம்பையும் பிடித்துப் பாருங்கள். அம்பு போய்ச் சேரும் கிளாஸின் மூன்றாவது கட்டத்தில் அதே பெயரில் ஆபரேஷன் இருக்கிறதா? பலருடைய தாளில் `getPrice()` சீக்வன்ஸில் மட்டும் இருக்கும், `Fish`இல் இருக்காது. இரண்டு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக வரைந்தது அப்படியே தெரிந்துவிடும்.

காசிமேடு அக்கா

சீக்வன்ஸ் என்றால் எந்த வீட்டுக்கு முதலில் டெலிவரி என்ற வரிசையா? எங்கள் அண்ணன் வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கிறார், அவருக்கு அதுதான் பெரிய தலைவலி.

இன்னொன்றும் சொல்கிறேன். 2 கிலோ என்று கேட்டால் சரியாக 2 கிலோவுக்கு முழு மீன் அமையாது. தராசில் வைத்தால் 2 கிலோ 300 நிற்கும். அந்த எடைக்குத்தான் காசு, அப்புறம்தான் வெட்டிக் கழுவுவது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எடை குறைந்திருக்கும். தினமும் இதற்குத்தான் சண்டை. உங்கள் படத்தில் தராசு எங்கே?

ராயபுரம், மூன்றாம் ஆண்டு

டெலிவரி வரிசை இல்லை அக்கா, ஆர்டர் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்ற வரிசை. ஆனால் தராசு விஷயம் எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. அப்படியென்றால் `OrderLine`இல் `orderedKg`, `weighedKg` என்று இரண்டு எடை வேண்டும். 900 ரூபாய் விலையில் 2.3 கிலோ என்றால் 2,070. நாங்கள் வரைந்த படத்திலோ எடை போடும் முன்பே 1,800 வாங்கியாகிவிட்டது!

பெரம்பூர், வேலையில் இருப்பவன்

அக்கா நல்ல இடத்தைத் தொட்டார்கள். பணம் வாங்குவதை எடைக்குக் கீழே இறக்கலாம். ஆனால் மீனை வெட்டிய பிறகு அவர் பணம் கட்டாமல் போனால் கடைக்கு நஷ்டம். முதலிலேயே கொஞ்சம் கூட வாங்கி மீதியைத் திருப்பலாம், அதற்கு `Payment`இல் `refund()` வேண்டும். எதை எடுத்தாலும் `pay()` போன கையோடு ‘வெற்றி’ என்று திரும்பும் அம்பு போடாதீர்கள். யூபிஐயில் பதில் தாமதமாகவும் வரும், சில சமயம் வரவே வராது. அனுப்புவதைத் திறந்த முனை அம்பாகப் போட்டு, `alt` பெட்டியில் வந்தது, தோற்றது, பதிலே இல்லை என்று மூன்று பிரிவாகக் காட்டுங்கள்.

திருவொற்றியூர், பி.சி.ஏ.

எங்கள் மேம் `alt` வேண்டாம், ஒவ்வொரு நிலைக்கும் தனிப் படம் போடச் சொன்னார். அதுவும் தப்பா?

பெரம்பூர், வேலையில் இருப்பவன்

தப்பில்லை. படம் நீண்டு போனால் அதுதான் படிக்கவும் எளிது. பதிலே வராத நிலைக்கும் ஒரு படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம், மூன்றாம் ஆண்டு

குழுவில் இரண்டு பேர் எடைக்குப் பிறகு பணம் என்கிறார்கள், ஒருத்தர் முன்பணம்தான் என்கிறார். அக்கா, உங்கள் அண்ணன் எப்போது காசு வாங்குகிறார்?

காசிமேடு அக்கா

தெரிந்த வீடென்றால் கொடுத்த பிறகு, புது ஆளென்றால் முன்னாடியே பாதி.