போனில் படிக்கிற மெயில்: கேட்க வேண்டியதை முதல் வரியிலேயே கேட்கலாமா?

பி_பிளாக்_செயலர்

48 வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கத்திலிருந்து கீழே உள்ள மெயில் போனது. 9 பதில்கள்தான் வந்தன. அதில் 4 பேர் "தகவலுக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறார்கள், எந்த மோட்டார் என்று சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள். பத்தியை எங்கே உடைப்பது? வரிக்கு முன்னால் புள்ளி போட்டுப் பட்டியலாக எழுதினால் சரியாகுமா?

> பொருள்: சங்கப் பராமரிப்புப் பணிகள் தொடர்பாக
>
> மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது குடியிருப்பின் போர்வெல் மோட்டார் கடந்த இரண்டு மாதங்களில் இருமுறை பழுதாகி, காயில் கட்டி மீண்டும் பொருத்தப்பட்டும் சரியாக இயங்காததால், புதிய 7.5 எச்.பி. மோட்டார் வாங்குவதென செயற்குழு முடிவு செய்து இரு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெற்றதில், ஒன்று ரூ.86,000 (1 ஆண்டு வாரண்டி), மற்றொன்று ரூ.98,500 (2 ஆண்டு வாரண்டி) என வந்துள்ள நிலையில், உறுப்பினர்கள் தங்கள் மேலான கருத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

துளசிமாடம்

ரொம்ப சுலபம் சார். ஒரு வாக்கியம், ஒரு வரி இடைவெளி, அடுத்த வாக்கியம். எல்லாவற்றுக்கும் முன்னால் புள்ளி. போனில் பத்தியே கூடாது.

வரிக்கணக்கு

துளசிமாடம் சொல்வதில் பாதி சரி. ஆனால் இந்த மெயிலில் உடைப்பதற்கு வாக்கியங்களே இல்லையே? வணக்கத்தைத் தள்ளிவிட்டால் மொத்தமும் ஒரே வாக்கியம். "பழுதாகி", "பொருத்தப்பட்டும்", "முடிவு செய்து", "பெற்றதில்", "வந்துள்ள நிலையில்" என்று எச்சமாகவே போய், "கேட்டுக்கொள்கிறோம்" என்ற வினை கடைசியில்தான் வருகிறது. லேப்டாப்பில் இது நாலைந்து வரி. போனில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 எழுத்துதான் பிடிக்கும், அதனால் அதுவே பத்து வரிக்கு மேல் நீளும். வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இன்னும் கூடும். வாக்கியத்தின் தலையைப் படித்தவர் வாலைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு தடங்கல் இருக்கிறது. மெயிலைத் திறக்கும் முன்பே ஜிமெயில் செயலியின் பட்டியலில் அனுப்பியவர் பெயர், பொருள், உடலின் தொடக்கம் ஒரு வரி, இவ்வளவுதான் தெரியும். உங்கள் மெயிலில் அந்த ஒரு வரியை "மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனை…" தின்றுவிட்டது. பொருளில் "சங்கப் பராமரிப்புப் பணிகள் தொடர்பாக" என்று இருக்கிறது. இரண்டையும் பார்த்தவருக்கு இது மாதாந்திர அறிக்கை. அதனால்தான் "தகவலுக்கு நன்றி". இரண்டு விலைக்கும் "அ", "ஆ" என்று பெயர் வைத்து, எது வேண்டும் என்பதை முதல் வரியிலேயே கேளுங்கள்.

கடிதக்காரர்

இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் சொல்லாமல் எடுத்த எடுப்பில் "அ-வா ஆ-வா சொல்லுங்கள்" என்றால் அது நோட்டீஸ், கடிதமில்லை. இங்கே கேட்பது சும்மா கருத்து இல்லை, வீட்டுக்கு ஏறக்குறைய ரூ.1,800, ரூ.2,000 என்று பணம். பணம் கேட்கும்போது ஏன் என்பது முதலில் வரவேண்டும். நம் ஊரில் வாசலில் நின்றபடி விஷயத்தைக் கேட்பதில்லை, உள்ளே வந்து உட்கார்ந்துதான் கேட்போம்.

வரிக்கணக்கு

உட்காரும் நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி ஐயா. மரியாதை வரிசையில் இல்லை, வினையில் இருக்கிறது. "தெரிவிக்கவும்" என்பதை "தெரிவியுங்கள்" என்று மாற்றினாலே நோட்டீஸ் வாடை போய்விடும். வணக்கத்தையும் எடுக்கச் சொல்லவில்லை. "அனைவருக்கும் வணக்கம்." என்று இரண்டு சொல்லோடு நிறுத்தி, அதே வரியிலேயே தொடருங்கள்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், கேள்வியை முதல் வாக்கியத்தில் வைத்தால் மட்டும் போதாது, அந்த வாக்கியம் குட்டையாகவும் இருக்க வேண்டும். "செயற்குழு பெற்றுள்ள இரு விலைப்புள்ளிகளையும் பரிசீலித்துத் தங்கள் விருப்பத்தை ஞாயிறு மாலைக்குள் தெரிவியுங்கள்" என்பது முதல் வாக்கியம்தான். ஆனால் "தெரிவியுங்கள்" பட்டியல் வரியில் தெரியவே தெரியாது, வெட்டுப்பட்டுவிடும். எழுதியவர் முதலில் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். ஆறேழு சொல்லுக்குள் வினை வந்துவிட வேண்டும்.

நைட்ஷிப்ட்

600 பிக்சல் அகலத்தில் டெம்ப்ளேட் போட்டு, போனுக்கு மீடியா குவெரி எழுதினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். எழுத்து 16 பிக்சல் வையுங்கள். இதற்கு இவ்வளவு விவாதமா?

வரிக்கணக்கு

அது விளம்பர மெயிலுக்கு. இவர் ஜிமெயிலில் தட்டச்சு செய்து அனுப்புகிறார், எழுத்தளவை மெயிலைப் பெறுபவரின் போன் பார்த்துக்கொள்ளும். ஆனால் அகலம் என்று நீங்கள் சொன்னதில் ஒன்று இவருக்கும் பொருந்தும். வேர்டிலிருந்து புள்ளிப் பட்டியலை ஒட்டினால் உள்தள்ளலும் சேர்ந்து வரும். சாதாரணமாக ஒரு நிலைக்கு 40 பிக்சல் போகும். புள்ளிக்குள் புள்ளி வைத்தால் 80. போனின் அகலமே 360 பிக்சல் சொச்சம், அதில் இரண்டு ஓரமும் கழிந்தால் "விலைப்புள்ளிகளையும்" என்ற ஒரு சொல்லே பாதி வரியை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே நிலை, அதையும் மெயிலிலேயே போடுங்கள். விலை ஒப்பீட்டுக்கு அட்டவணை ஒட்டுவது இன்னும் மோசம். நாலு நெடுவரிசை உள்ள அட்டவணையைத் திரைக்குள் அடக்க, மெயில் முழுவதுமே பொடி எழுத்தாகச் சுருங்கிவிடும்.

துளசிமாடம்

அப்படியானால் புள்ளி நல்லதா கெட்டதா? ஒன்றைச் சொல்லுங்கள்.

கடிதக்காரர்

இதற்கு நான் சொல்கிறேன். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியவை, எதை வேண்டுமானாலும் முதலில் படிக்கலாம் என்பவை, இவற்றுக்குப் புள்ளி பொருந்தும். இரண்டு விலைப்புள்ளிகள் அப்படித்தான். காரணத்துக்குப் புள்ளி போட்டால் கெட்டது. "மோட்டார் இருமுறை பழுது", "காயில் கட்டப்பட்டது", "புதியது தேவை" என்று மூன்று புள்ளி வைத்துப் பாருங்கள். "கட்டியும் ஓடவில்லை, அதனால்தான் புதியது" என்ற இணைப்பு உதிர்ந்துவிடுகிறது. படிப்பவர் "இன்னொரு முறை கட்டினால் என்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில் "ஆனால்", "அதனால்" என்ற சொற்களில்தான் இருந்தது.

வரிக்கணக்கு

இதில் கடிதக்காரரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விடுவதிலும் அதே கோளாறுதான். எது எதோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது, வெற்று வரிகளே திரையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, மூன்று சிறு வாக்கியங்கள் சேர்ந்தது ஒரு பத்தி, போனில் ஐந்தாறு வரிக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வெற்று வரி.

செயலர் சாரின் மெயிலை மாற்றினால் இப்படி வரும்:

> பொருள்: புது மோட்டார்: அ? ஆ? (ஞாயிறு 15 மாலை 6-க்குள்)
>
> அனைவருக்கும் வணக்கம். "அ" அல்லது "ஆ" என்று பதில் அனுப்புங்கள். கடைசி நேரம் 15-ஆம் தேதி ஞாயிறு மாலை 6 மணி.
>
> • அ: ரூ.86,000. வாரண்டி 1 ஆண்டு. வீட்டுக்கு ரூ.1,792.
> • ஆ: ரூ.98,500. வாரண்டி 2 ஆண்டு. வீட்டுக்கு ரூ.2,052.
>
> பழைய மோட்டார் இரண்டு மாதத்தில் இருமுறை பழுதானது. காயில் கட்டிப் பொருத்தியும் சரியாக ஓடவில்லை. அதனால் புதிய 7.5 எச்.பி. மோட்டார் வாங்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, பதில் ஒரே எழுத்து. போனில் தமிழ் தட்டச்சு செய்யத் தயங்குபவரும் அதை அனுப்புவார். "மேலான கருத்து" என்று கேட்டால் கட்டுரை எழுத வேண்டுமோ என்று தள்ளிப்போடுவார்கள். இரண்டு, தேதி. வெறும் "ஞாயிற்றுக்கிழமைக்குள்" என்றால் எந்த ஞாயிறு, ஞாயிறும் சேர்த்தியா என்று குழப்பம். "நாளை" என்று எழுதினால் இன்னும் ஆபத்து, மெயிலை மறுநாள் திறப்பவருக்கு அது வேறு நாள். மூன்று, ஒவ்வொரு புள்ளியும் ஒரே வரிசையில் போகிறது: விலை, வாரண்டி, வீட்டுப் பங்கு. கண் மேலும் கீழும் நேராக ஒப்பிடும்.

கடிதக்காரர்

வீட்டுப் பங்கைப் போட்டது நன்று, 260 ரூபாய்தான் வித்தியாசம் என்று உடனே தெரிகிறது. ஆனால் காரணம் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டதே. முதல் திரையில் தொகையைப் பார்த்துக் கோபப்படுபவர் காரணம் வரை வரமாட்டார், அங்கேயே "ஏன் புதியது?" என்று எல்லோருக்கும் பதில் போட்டுவிடுவார். அப்புறம் 48 பேருக்கும் அந்தச் சண்டைதான். காரணத்தை ஒரே வாக்கியமாக்கிப் புள்ளிகளுக்கு முன்னால் வைக்கலாமே: "பழைய மோட்டார் காயில் கட்டியும் ஓடவில்லை."

வரிக்கணக்கு

ஒரு வாக்கியம் என்றால் சரி. புள்ளிகள் முதல் திரைக்குள் அடங்கும்வரை எனக்கு ஆட்சேபணை இல்லை. உறுப்பினர்களுக்குப் பழுது ஏற்கெனவே தெரியும் என்றால் தேவையில்லை, பலர் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்கள் என்றால் தேவை. அது செயலருக்குத்தான் தெரியும்.

நைட்ஷிப்ட்

சரி, டெம்ப்ளேட்டை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம். ஜிமெயில் செயலியில் பதில் பொத்தான் மெயிலின் அடியில் இருக்கிறது. படித்து முடித்தவரின் விரலும் அங்கேதான். கேள்வி மேலே மட்டும் இருந்தால் மறுபடி மேலே போய்ப் பார்ப்பாரா?

வரிக்கணக்கு

நல்ல கேள்வி. இந்த மெயில் ஒன்றரைத் திரைதான், தேவையில்லை. இரண்டு திரையைத் தாண்டினால் கடைசியில் "பதில்: அ அல்லது ஆ, 15 மாலை 6-க்குள்" என்று ஒரு வரி திரும்பப் போடலாம். மேலே உள்ளதை எடுத்துவிட்டுக் கீழே மட்டும் வைக்கக் கூடாது.

கடிதக்காரர்

ஒரே மெயிலில் இரண்டு முறை கேட்பது கடன்காரனை விரட்டுவது போல இருக்கிறது. நான் போடமாட்டேன்.

பி_பிளாக்_செயலர்

நன்றி. பாதிப் பேர் வெளியூர்தான், அதனால் காரண வாக்கியத்தை முன்னால் வைக்கிறேன். ஒன்று மட்டும்: பழைய மெயிலையே ஃபார்வர்டு செய்து மேலே இதை ஒட்டலாமா, புதிதாக அனுப்ப வேண்டுமா?

வரிக்கணக்கு

புதிதாக. ஃபார்வர்டு செய்தால் பொருளில் Fwd: என்று முன்னால் ஒட்டிக்கொண்டு பழைய தலைப்பே நிற்கும். மேலே ஒட்ட மறந்தால் பட்டியல் வரியில் ---------- Forwarded message --------- என்பதுதான் தெரியும். அனுப்பும் முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் திறக்காமல் பட்டியலில் பாருங்கள். "அனுப்புங்கள்" என்ற சொல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தெரியவில்லை என்றால் முதலில் வணக்கத்தை "வணக்கம்." என்று சுருக்குங்கள்.

துளசிமாடம்

எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற போனிலும் பாருங்கள் சார். எங்கள் வீட்டுப் பெரியவர் போனில் உங்கள் புதுப் பொருள் வரியே "புது மோட்டார்: அ?" என்பதோடு நின்றுவிடும்.

கடிதக்காரர்

அப்படியானால் தேதியை முன்னால் கொண்டுவந்து "15 ஞாயிறு: மோட்டார் அ / ஆ" என்று வைக்கலாம். முதல் சொல்லே தேதி என்றால் கூட்ட அறிவிப்பு என்று நினைத்துவிடுவார்களோ?